மருமோன்ரை லாச்சி

வா மருமோன், வா. அந்தக் கதிரையிலை இராதை, கால் ஆடும். வாங்கிலை இரு. முதலாளி விழுந்து எழும்பினா ஊர் என்னைத்தான் பேசும்.

லாச்சி நிரம்பக் காசு எண்டு போன கிழமை கோயில் வீதியிலை நிண்டு நீதானே சொன்னனி? பிறகேன் கொம்மாவின்ரை தோடு வங்கியிலை அடைவு கிடக்குது? ஓமோம், எனக்குத் தெரியும். அவ என்ரை தங்கச்சி எல்லே. காதைப் பாத்தவுடனை விளங்கீட்டுது. நான் ஒண்டும் கேக்கேல்லை, அவவும் ஒண்டும் சொல்லேல்லை. தலையிலை சீலையை இழுத்து விட்டுக்கொண்டு போனா.

சரி, கொண்டுவந்த கடுதாசியை எடு. கொக்குவில் சந்தியிலை கடை போட முன்னம் நீ எழுதின கணக்கு இதுதானே? உயர்தரத்திலை வர்த்தகம் படிச்ச பிள்ளை, எழுத்து வடிவாத்தான் கிடக்குது. ‘சமப்பாட்டுப் புள்ளி’ எண்டு தலைப்புப் போட்டு, கீழை அடிமட்டம் வச்சுக் கோடும் கீறியிருக்கிறாய். வாடகை 25,000. கடைப் பெடியனுக்குச் சம்பளம் 30,000. கரண்ட் 15,000. பை, போன், ஓட்டோக் கூலி எண்டு 5,500. எல்லாம் கூட்டி மாசம் 75,500. நூறு ரூபாய்க்கு 15 ரூபாய் வைச்சு விக்கிறாய். அப்ப 75,500 ஐ 15 ஆலை பிரிச்சு 100 ஆலை பெருக்கினா 503,333. மாசம் அஞ்சு லட்சத்துச் சொச்சத்துக்கு வித்தா நட்டமும் இல்லை, லாபமும் இல்லை. நீ விக்கிறது ஒன்பது லட்சம். ஆகவே மாசம் 59,500 ரூபாய் லாபம், கீழை இரண்டு கோடு. வாத்தியார் பாத்தா முழுப் புள்ளியும் போட்டிருப்பார். நல்லவேளை, வாத்தியார் கடை நடத்திறேல்லை.

முதல் பிழை அந்த 15 இலை கிடக்குது. ஒரு சவர்க்காரத்தை 100 ரூபாய்க்கு எடுத்து 115 ரூபாய்க்கு விக்கிறாய். மிச்சம் 15. அது சரி. ஆனா அந்த 15, நீ வாங்கின 100 இலையோ, வித்த 115 இலையோ? இரவு லாச்சியை இழுத்து எண்ணி ‘இண்டைக்கு 30,000 வியாபாரம்’ எண்டு சொல்லுறியே, அது விலைக்கு வித்த காசு. வாங்கின விலை லாச்சிக்குள்ளை விழுறதில்லை. 115 ரூபாய் விழுந்தா 15 உனக்கு. அப்ப 100 ரூபாய் விழுந்தா 13. பால்மாவிலை இதைவிடக் குறைய வரும், மரக்கறியிலை கூட வரும், எனக்குத் தெரியும். எல்லாத்தையும் கலந்து நீயே எடுத்த சராசரி இது, அதைப் பற்றி நான் சண்டைக்கு வரேல்லை. சதவீதத்தைக் கொள்விலையிலை எடுத்துப்போட்டு விற்பனையைப் போய்ப் பெருக்காதை எண்டுதான் சொல்லுறன். ஒன்பது லட்சத்துக்கு 135,000 வருமெண்டு நினைச்சாய், வாறது 117,000. பேனை முனையிலை 18,000 போட்டுது. கள்ளன் வரேல்லை, எலியும் வரேல்லை.

பெடியன்ரை சம்பளத்தை 30,000 எண்டு எழுதியிருக்கிறாய். 2026 தையிலை இருந்து நாட்டிலை ஆகக் குறைஞ்ச மாசச் சம்பளமே அவ்வளவு, அதுக்குக் கீழை போகேலாது. அதோடை ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி பங்கு நூற்றுக்கு 12, நம்பிக்கை நிதிக்கு 3. அது 4,500. ‘ஒரு பெடியன்தானே மாமா’ எண்டு தலையைச் சொறியாதை. ஒருத்தன் நிண்டாலும் கட்டத்தான் வேணும். கட்டாமல் விட்டியெண்டா, அவன் வெளிநாடு போறதுக்கு முதல் நாள் தொழில் திணைக்களத்துக்குப் போவான். பிறகு மிகைக் கட்டணத்தோடை சேர்த்துக் கட்டுவாய். அப்ப மாசச் செலவு 80,000.

இனி உன்ரை சம்பளம் எங்கை? காணேல்லையே.

‘எனக்கு லாபம்தானே மாமா’ எண்டு சொல்லுவாய் எண்டு தெரியும். மற்றவன்ரை கடையிலை விடிய ஆறு மணியிலை இருந்து இரவு ஒன்பது மட்டும் நிண்டா உனக்கு 40,000 தருவினம். உன்ரை கடையிலை நிண்டா ஒண்டும் இல்லையோ? நீ லாச்சியிலை இருந்து மாசம் அவ்வளவு எடுக்கிறாய், எனக்கு அதுவும் தெரியும். மோட்டச் சைக்கிள் தவணை தானாக் கட்டுப்படுமே? எடுக்கிற காசை எழுதாமல் விட்டா அது எடுக்காத காசு ஆகாது. எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது எண்டு பழசுகள் சொன்னது உன்னை நினைச்சுத்தானோ தெரியேல்லை. 40,000 ஐயும் செலவிலை போடு. இப்ப 120,000.

கரண்டிலை கொஞ்சம் நிக்கவேணும். 15,000 எண்டு போட்டிருக்கிறாய். அது எந்த மாசத்து பில்? 2022 ஆவணியிலை மின்சாரசபை சராசரி 75 வீதம் கூட்டினது, 2023 மாசியிலை திருப்பி 66 வீதம். பிறகு குறைச்சினம், 2025 ஆனியிலை பழையபடி 15 வீதம் கூட்டினவை. பில் மாறுற ஒவ்வொரு முறையும் உன்ரை கோடு நகரும். நீ ஒருக்கா அடிமட்டம் வச்சுக் கீறிப்போட்டுச் சட்டம் போட்டு மாட்டி வைச்சிருக்கிறாய்.

அந்த ஐஸ்கிறீம் பெட்டிக்கு வருவம். கொம்பனி சும்மா தந்தது எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனி. பெட்டி சும்மாதான். அது குடிக்கிற கரண்ட் சும்மாவோ? ஒரு மாசம் அதை நிப்பாட்டி மீற்றரைப் பார், இல்லாட்டி ஒரு நாளைக்குப் பெட்டி இருக்கேக்கை ஒருக்கா, இல்லாமல் ஒருக்கா அலகை எழுது. 5,000 ரூபாய்க்கு இழுக்குது எண்டு வைப்பம். ஐஸ்கிறீமிலை நூறு ரூபாய் வியாபாரத்துக்கு 20 நிக்குது எண்டா, அந்தப் பெட்டி தன்ரை கரண்டுக்கு மட்டும் மாசம் 25,000 ரூபாய்க்கு ஐஸ்கிறீம் விக்கவேணும். நீ விக்கிறது 15,000. அதிலை வாறது 3,000. அப்ப மாசம் 2,000 ரூபாய் குடுத்து ஒரு கொம்பனியின்ரை படத்தைக் கடை வாசலிலை வைச்சிருக்கிறாய். ஐஸ்கிறீமுக்கு வாற பிள்ளை பிஸ்கட்டும் வாங்குது எண்டு சொல்லுவாய். சரி, அப்பிடியெண்டா அதை எண்ணு. எண்ணிப்போட்டு வைச்சிரு, எண்ணாமல் வைச்சிராதை.

எல்லாத்துக்கும் பெரிய பிழை உன்ரை கடுதாசியிலையே இல்லை. பழுதுபட்ட சாமான். அழுகின தக்காளி, கறுத்த வாழைப்பழம், காய்ஞ்ச பாண், திகதி முடிஞ்ச யோகட். ஒரு வரி கூட இல்லை. ‘மறந்துபோனன் மாமா, ஒரு 18,000 எண்டு செலவிலை சேப்பம்’ எண்டு பேனையை எடுக்கிறாய். பேனையை வை. அங்கைதான் படிச்ச பிள்ளையள் விழுறது.

வாடகை நீ வித்தாலும் 25,000, விக்காட்டியும் 25,000. கடையைப் பூட்டிப்போட்டு நல்லூர்த் தேருக்குப் போனாலும் 25,000. அழுகல் அப்பிடியே? கனக்க விக்கவேணும் எண்டு கனக்க வாங்கினா அழுகலும் கூடும். அது வாடகைக்குப் பக்கத்திலை நிக்கிற செலவில்லை. நீ விக்கிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் கை வைக்கிற செலவு. அதை மொத்தத் தொகையாச் சேர்க்காமல், அந்த 13 இலை இருந்து கழிக்கவேணும்.

இது பள்ளிக்கூடம் போகாதவனுக்கெல்லாம் தெரியும். சுன்னாகத்திலை, மருதனார்மடத்திலை, திருநெல்வேலியிலை சந்தைக்கு நாங்கள் வெங்காயமும் கத்தரிக்காயும் கொண்டுபோனா, நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ ‘கழிவு’ எண்டு வெட்டிப்போட்டுத்தான் காசு தருவினம். விவசாயியள் எத்தினை வருசமா அதுக்கு எதிராக் கத்துறம். அரசாங்க அதிபர் மட்டும் போய் முறையிட்டவை, நிப்பாட்டச் சொல்லி உத்தரவும் வந்தது. என்ரை வயித்தெரிச்சல் ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்த வியாபாரியின்ரை மூளையைப் பார். ‘மாசம் ஒருக்கா 18,000 தா’ எண்டு கேட்டவனே? இல்லை. நூற்றுக்குப் பத்து. அழுகல் வீதத்திலைதான் வரும் எண்டு அவனுக்குத் தெரியும். அதுவும் தன்ரை தலையிலை விழமுன்னம் எங்கடை தலையிலை போட்டுட்டான். வர்த்தகம் படிச்ச நீ அவனிட்டைச் சாமான் வாங்கி, மிச்ச அழுகலை உன்ரை தலையிலை வடிவா ஏத்திக்கொண்டு வாறாய்.

தக்காளியைப் பாப்பம். விடிய சந்தையிலை 10 கிலோ எடுத்தாய், கிலோ 200 எண்டு 2,000 ரூபாய். 280 ரூபாய்க்கு விக்கிறாய். மனசிலை 800 ரூபாய் லாபம் எண்டு பாட்டுப் பாடிக்கொண்டு வாறாய். முதல் நாள் ஆறு கிலோ போச்சு. அடுத்த இரண்டு நாளிலை இரண்டரைக் கிலோ போச்சு. ஒன்றரைக் கிலோ தோல் சுருங்கி, தண்ணி விட்டு, பெட்டிக்கு அடியிலை ஒட்டிப்போச்சு. கையிலை வந்தது 2,380. லாபம் 380. எறிஞ்ச ஒன்றரைக் கிலோவின்ரை கொள்விலை 300 ரூபாய். ‘முந்நூறுதானே’ எண்டு தோளைக் குலுக்கினாய். அந்த முந்நூறைத் திருப்பி உழைக்க நூற்றுக்கு 13 நிக்கிற கடையிலை 2,300 ரூபாய்க்கு வேறை சாமான் விக்கவேணும். எத்தினை பேருக்குச் சிரிச்சுப் பேசி, எத்தினை தரம் தராசு தூக்கி, எத்தினை பையைக் கட்டிக் குடுத்தா 2,300 வரும் எண்டு எண்ணிப் பார்.

எங்கடை ஆக்களுக்கு இந்தப் பழக்கம் வராததுக்கு ஒரு காரணமும் இருக்குது. 2006 ஆவணியிலை ஏ9 பாதை பூட்டினாங்கள். சாமான் கப்பலிலை வந்தாத்தான் உண்டு. கடையிலை எது கிடந்தாலும் போகும். சனம் வரிசையிலை நிண்டு வாங்கினது. அந்தக் காலத்திலை கடை பழகினவனுக்கு அழுகல் எண்டா என்னெண்டே தெரியாது. அவனிட்டைத்தான் நீ புத்தி கேட்டுக் கடை போட்டனி. பாதை திறந்து கன வருசமாச்சு, தம்புள்ளையிலை இருந்து மரக்கறி லொறி இரவோடை இரவா வந்து நிக்குது. இப்ப வரிசையிலை நிக்கிறது சனமில்லை, சாமான்.

சரி, எவ்வளவு பழுதாகுது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? இரண்டு வழி. இரண்டையும் செய்யவேணும், ஏனெண்டா இரண்டும் ஒரே விடை சொல்லாது. அந்த வித்தியாசத்திலைதான் பகிடி இருக்குது.

முதல் வழி, பெடியனிட்டை ஒரு கொப்பி குடு. எறியிறதுக்கு முன்னம் நிறுத்து, கொள்விலையிலை எழுதவேணும். அரை விலைக்குத் தள்ளினதெண்டா, கொள்விலைக்குக் கீழை போன மட்டும் எழுதவேணும். போன மாசம் பெடியன் எழுதின கொப்பியைப் பாத்தன், 18,000. மரக்கறியும் பழமும் 12,000, பாணும் யோகட்டும் 6,000. நல்லது. ஒன்பது லட்சத்துக்கு நூற்றுக்கு 2.

மற்ற வழி, மாசம் முடியிற அண்டைக்கு இரவு கடையைப் பூட்டிப்போட்டு உள்ளை கிடக்கிற எல்லாத்தையும் கொள்விலையிலை எண்ணு. நாங்கள் உன்ரை கணக்கை எடுத்துப் பாப்பம். மாசத் தொடக்கத்திலை கடைக்குள்ளை 400,000 ரூபாய்ச் சாமான். மாசத்துக்குள்ளை வாங்கினது 820,000. முடிவிலை மிச்சம் 410,000. அப்ப கடையை விட்டுப் போன சாமான் கொள்விலையிலை 810,000. லாச்சிக்கு வந்தது 900,000. நிண்டது 90,000. நூற்றுக்குப் பத்து.

இப்ப பார். 13 நிக்கவேணும், 10 தான் நிக்குது. மூண்டு எங்கையோ போட்டுது, ஒன்பது லட்சத்திலை 27,000. பெடியன்ரை கொப்பி 18,000 க்குத்தான் பதில் சொல்லுது. மிச்சம் 9,000 ஐ எந்தப் புழு திண்டது?

பெடியனைப் பாக்காதை. அவன் பாவம். கொம்மா பின்னேரம் வந்து சீனியும் தேங்காயும் பால்மாவும் எடுத்துக்கொண்டு போறா, ‘எங்கடை கடைதானே’ எண்டு. உன்ரை சினேகிதப் பெடியள் வந்து நிண்டு சோடா குடிக்கிறாங்கள், ‘மச்சான்ரை கடைதானே’ எண்டு. தராசிலை நீ நல்ல பேர் எடுக்க ஒரு பிடி பருப்புக் கூடப் போடுறாய். இதெல்லாம் அழுகல் இல்லைத்தான், ஆனா காசில்லாமல் வெளியாலை போற சாமானுக்குக் கடைக்குள்ளை ஒரே ஒரு வாசல்தான். என்ரை வெத்திலை பாக்கு அதுக்குள்ளை சேராது. அது மாமன் உரிமை, அதைக் கணக்கிலை எழுதினா நான் கோவிப்பன்.

இப்ப உன்ரை கடுதாசியைத் திருப்பி எழுதுவம். மாசச் செலவு 120,000. நூறு ரூபாய் வியாபாரத்துக்கு நிக்கிறது 10. 120,000 ஐப் பத்தாலை பிரிச்சு நூறாலை பெருக்கு.

பன்னிரண்டு லட்சம்.

ஏன் வாயை மூடீட்டாய்? தண்ணி குடி. நம்பாட்டி திருப்பிப் பார். பன்னிரண்டு லட்சத்திலை நூற்றுக்கு 13 எண்டா 156,000. அதிலை நூற்றுக்கு 3 போனா 36,000. மிச்சம் 120,000. செலவுக்குச் சரி. உன்ரை 18,000 ஐ மொத்தமாச் செலவிலை சேர்த்திருந்தா 138,000 ஐ 13 ஆலை பிரிச்சு 1,061,538 எண்டு விடை வந்திருக்கும். அதுவும் ஒழுங்கான கணக்கு மாதிரித்தான் கிடக்கும். ஆனா அந்த அளவுக்கு விக்கேக்கை போற சாமான் 18,000 இலை நிக்காது, 32,000 ஐ நெருங்கும். எல்லையைத் தொட்டிட்டன் எண்டு நினைச்சுக்கொண்டு 14,000 ரூபாய் உள்ளை நிப்பாய்.

முப்பது நாளும் திறந்தா நாளுக்கு 40,000. ஞாயிற்றுக்கிழமை பூட்டுறன் எண்டு அடம்பிடிச்சா 26 நாளிலை நாளுக்கு 46,000 க்கு மேலை. கடையிலை ஒரு இடத்திலை 40,000 எண்டு எழுதி ஒட்டு. லட்சுமி படத்துக்குப் பக்கத்திலை வேண்டாம், அவ பாத்துச் சிரிப்பா. பத்தாந் திகதி மட்டும் கூட்டின வியாபாரம் நாலு லட்சத்துக்குக் கீழை எண்டா, மாசம் முடிய அழுறதுக்குப் பதிலா அண்டைக்கே சந்தையிலை குறைச்சு வாங்கத் தொடங்கு.

லாச்சி நிரம்பக் காசு கிடக்கிறதும் இதாலைதான். அது உன்ரை காசு இல்லை, ராசா. பிஸ்கட் ஏஜென்ற் இரண்டு கிழமை கடனுக்குச் சாமான் இறக்கிறான். பால்மாக்காரன் திகதி போட்ட செக் வாங்கிக்கொண்டு போறான். சாமான் இண்டைக்கு விக்குது, காசு இரண்டு கிழமை கழிச்சுப் போகுது. அந்த இரண்டு கிழமையும் நீ அவையின்ரை காசிலை முதலாளி. நீ விக்கிறது ஒன்பது லட்சம், நிக்கிறது 90,000, கடைச் செலவு 80,000. மிச்சம் 10,000. நீ எடுக்கிறது 40,000. மாசம் 30,000 பள்ளம். முதல் இரண்டு மூண்டு மாசம் ஏஜென்ற் கடன் கூடிக் கூடி அந்தப் பள்ளத்தை மூடிக்கொண்டு வந்தது. பிறகு செக் ஒண்டு திரும்பப் பாத்தது. அப்பத்தான் தோடு வங்கிக்குப் போனது. நான் சொன்னதிலை பிழை இருந்தாச் சொல்லு. இல்லையே? அப்ப சரி.

இதுக்குப் பிறகு நீ செய்யப்போறதும் எனக்குத் தெரியும். வீட்டுக்காரனிட்டைப் போய் வாடகையிலை 5,000 குறைக்கச் சொல்லிக் கெஞ்சப்போறாய். கெஞ்சிப் பார், அவன் கனடாவிலை இருக்கிறான், போனை எடுக்கட்டும் முதல். எடுத்துக் குறைச்சானெண்டே வைப்பம். உன்ரை எல்லை பன்னிரண்டிலை இருந்து பதினொண்டரை லட்சத்துக்கு இறங்கும். 50,000 குறையும். ஆனா அந்த மூண்டை இரண்டாக்கினாய் எண்டா, நூற்றுக்கு 11 நிக்கும். அப்ப எல்லை 1,090,909. 109,000 குறையும். ஆரையும் கெஞ்சத் தேவையில்லை. அந்த மூண்டிலை ஒண்டு அழுகலே இல்லை எண்டு இப்பதானே பாத்தம். வீட்டுக்கு எடுக்கிற சாமானைக் கொப்பியிலை எழுதி, மாசம் முடிய உன்ரை 40,000 இலை கழி. வீடு தின்னவேண்டாம் எண்டு சொல்லேல்லை, கடை தின்ற மாதிரி எழுதாதை எண்டு சொல்லுறன்.

உண்மையான அழுகலைக் குறைக்கிறதெண்டா, வாங்கிற கையிலை இருக்குது. பத்துக் கிலோ தக்காளி எடுக்கிற இடத்திலை ஆறு எடு, சந்தை ஒண்டும் வேறை ஊரிலை இல்லை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய் வரலாம். கதலியைக் குலையோடை எடுத்துத் தூக்கி, கீழ்ச்சீப்புப் பழுக்க மேல்ச்சீப்புக் கறுக்க விடாமல், பக்கத்துக் கடைக்காரனோடை பாதி பிரி. மானம் போகாது. யோகட்டை வந்த திகதிப்படி முன்னுக்குப் பின் அடுக்கு, பழசு முன்னுக்கு. திகதி முடியமுன்னம் ஏஜென்ற் வாற நாளிலை எடுத்து நீட்டினா சில கொம்பனி மாத்தித் தரும். முடிஞ்ச பிறகு நீட்டினா சிரிச்சுப்போட்டுப் போவினம். நுகர்வோர் அதிகார சபைக்காரர் தட்டிலை அதைக் கண்டா, அவை சிரிக்கவும் மாட்டினம்.

ஆனா ஒண்டு. அழுகலைச் சுத்தமா இல்லாமல் செய்யிறன் எண்டு வெளிக்கிடாதை. உனக்கு அந்த வீம்பும் இருக்குது. காலமை பத்து மணிக்கே பாண் முடிஞ்சுபோச்சு எண்டா, பாணுக்கு வந்த மனிசி பருப்பும் முட்டையும் வாங்காமல் அடுத்த கடைக்குப் போகும். நாளைக்கும் அங்கைதான் போகும். நூற்றுக்கு ஒண்டு, ஒண்டரை போறது மரக்கறி வைச்சிருக்கிற கடைக்குக் கூலி மாதிரி.

அந்த மூண்டும் எப்பவும் மூண்டாயே நிக்காது எண்டதையும் மனசிலை வை. நல்லூர்க் கொடியேறி 25 நாளும் சனம் சைவம், மரக்கறி பறக்கும், முட்டைத் தட்டு மட்டும் உன்னைப் பாத்துக்கொண்டு இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மாரியிலை கீரையும் தக்காளியும் வரேக்கையே ஈரத்தோடை வரும், விலையும் ஏறும், அழுகலும் ஏறும். வியாபாரம் மந்தமான மாசத்திலை சாமான் தட்டிலை கிடக்கிற நாள் கூடும், அப்ப வீதமும் கூடும். விற்பனை விழேக்கை எல்லை மேலை ஏறுது, விளங்குதோ? அந்த மாசத்திலைதான் வழக்கமா முதலாளிமார் ‘வியாபாரத்தைக் கூட்டுவம்’ எண்டு இன்னும் கனக்க வாங்கி இறக்கிறது. மாசாமாசம் எண்ணு. எண்ணின வீதத்தை வைச்சு அடுத்த மாசத்துக் கோட்டைக் கீறு.

‘மாமா, பன்னிரண்டு லட்சம் அந்தச் சந்தியிலை விக்கவே ஏலாதெண்டா?’

ம்ம். இப்பதான் முதலாளி மாதிரிக் கேக்கிறாய். அந்தச் சந்தியிலை உன்னோடை சேர்த்து எத்தினை கடை எண்டு எண்ணினியே? கொஞ்சம் தள்ளிப் போனா குளிரூட்டின பெரிய கடை. உன்ரை ஆக்கள் அங்கை சம்பள நாளிலை மூட்டையா வாங்கிக்கொண்டு, உன்னட்டை வாறது பாணுக்கும் பச்சை மிளகாய்க்கும் மாசக் கடைசிக் கடனுக்கும். ஒன்பது லட்சத்திலையே நிண்டுபோச்சு எண்டு வைப்பம். அப்ப விற்பனையை விட்டுட்டு மற்றப் பக்கத்தாலை வா. ஒன்பது லட்சத்துக்கு நிக்கிறது 90,000. பெடியன் இல்லாமல் நடத்தினா கடைச் செலவு 80,000 இலை 34,500 போய் 45,500. மிச்சம் 44,500. உன்ரை 40,000 ஐயும் எடுத்துப்போட்டு 4,500 மிச்சம் பிடிக்கலாம். போதாக்குறைக்கு ஐஸ்கிறீம் பெட்டியைத் திருப்பிக் குடுத்தா மாசம் இன்னும் 2,000.

முகம் மலருது. எனக்குத் தெரியும் என்ன யோசிக்கிறாய் எண்டு. விடிய நாலரைக்குச் சுன்னாகத்துக்கு ஆர் போறது, அந்த நேரம் பாண் வேன் வந்தா ஆர் இறக்கிறது எண்டு நான் கேட்டா, ‘அம்மா இருப்பா மாமா’ எண்டு சொல்லப்போறாய். இருப்பா. முழங்கால் நோவோடை முக்காலியிலை இருப்பா. நல்லது, அப்ப இன்னொரு வரி எழுது, ‘அம்மா சம்பளம்’ எண்டு. தொகையை என்னட்டைக் கேளாதை. அவவிட்டையே போய்க் கேள். கேக்கப் போறதுக்கு முன்னம் தோட்டை மீட்டுக்கொண்டு போ, அப்பதான் குறைச்சுச் சொல்லுவா.